வங்கி "வரவில்லை" என்கிற ரிஃபண்டை ஏஆர்என் இலக்கத்தால் தேடுவது எப்படி?

கேள்வி: "அண்ணா, அக்கரைப்பற்றில் இருந்து எழுதுகிறேன். 2025 ஏப்ரல் 1 அன்று வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றில் டெபிட் கார்டால் 186 டொலர் கட்டி ஹோட்டல் அறை பதிவு செய்தேன். பயணம் சரிவராததால் ரத்துச் செய்தேன். மே 9 அன்று முழுக் காசையும் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று சொல்லி ஒரு நீண்ட இலக்கம் தந்திருக்கிறார்கள். இப்போது மே மாதமே முடியப் போகிறது. வங்கிக் கிளையில் போய்க் கேட்டால் 'அப்படி ஒரு காசும் வரவில்லை' என்கிறார்கள். இடையில் கார்ட் தொலைந்து புதியது எடுத்தேன். இந்த இலக்கத்தை வைத்து என்ன செய்யலாம்?"

உங்கள் விஷயத்தில் ஹோட்டல்காரர் சொல்வதும் வங்கிக் கிளை சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். யார் எந்த இடத்தில் நின்று பார்க்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கார்டில் கட்டிய காசு திரும்பும்போது அது கடைக்காரரிடமிருந்து நேரே உங்கள் கணக்குக்கு வருவதில்லை. கடைக்காரர் தன் திரையில் ரிஃபண்ட் பொத்தானை அழுத்துகிறார். அவருக்குக் கார்ட் வசதி கொடுத்திருக்கும் வங்கி அதை ஒரு பதிவாக்கி விசா அல்லது மாஸ்டர்கார்ட் வலையமைப்புக்கு அனுப்புகிறது. வலையமைப்பு அதை உங்கள் வங்கியின் கார்ட் சென்டருக்குத் தருகிறது. அது பெரும்பாலும் கொழும்பில் இருக்கும். கார்ட் சென்டர் அந்தப் பதிவு எந்தக் கார்டுக்கு உரியது, அந்தக் கார்ட் எந்தக் கணக்கோடு இணைந்தது என்று பார்த்து, கடைசியில்தான் உங்கள் கணக்கில் வரவு வைக்கிறது. கிளையில் இருக்கும் அலுவலருக்குத் தெரிவது இந்தக் கடைசிப் படி மட்டும். உங்கள் கணக்கைத் திறந்து பார்க்கிறார், வரவு இல்லை, "வரவில்லை" என்கிறார். அந்தப் பதிவு கார்ட் சென்டர் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டதா என்பது அவருடைய திரையில் தெரியாது.

உங்களுக்குத் தந்திருக்கும் இலக்கம், கடைக்காரரின் வங்கி அந்தப் பதிவை வலையமைப்புக்கு அனுப்பும்போது அதில் ஒட்டுவது. திரையிலும் மின்னஞ்சலிலும் `ARN` அல்லது `Acquirer Reference Number` என்று இருக்கும். பதிவுத் தபாலுக்குத் தரும் துண்டில் உள்ள இலக்கத்தைப் போல, வழி நெடுக அது மாறாமல் கூடவே வரும். கணக்கில் தேடுவதற்கான இலக்கம் இது இல்லை. கார்ட் சென்டருக்கு வலையமைப்பில் இருந்து நாள்தோறும் வரும் கோப்புகளில் தேடுவதற்கான இலக்கம் இது. ஆகவே கிளைக் கவுண்டரில் இதை நீட்டினால் பலன் குறைவு.

வங்கியிடம் போவதற்கு முன்னால் உங்கள் கையில் உள்ளது சரியான இலக்கம்தானா என்று நீங்களே பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். ஏஆர்என் எப்போதும் 23 இலக்கம் கொண்டது, இடையில் எழுத்துகள் வராது. விளக்குவதற்காக நான் அமைத்த ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன்:

```
7 400000 5129 00004718236 5
```

முதல் இலக்கம் பதிவின் வகையைக் குறிப்பது. அதை விட்டுவிடலாம். அடுத்த ஆறும் கடைக்காரரின் வங்கியை அடையாளம் காட்டுபவை. அதன் பிறகு வரும் நான்குதான் நமக்கு முக்கியம், அது திகதி. 5 என்றால் 2025. 129 என்றால் அந்த ஆண்டின் 129ஆவது நாள். ஜனவரி 31, பெப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று கூட்டினால் 120 வரும், மிச்சம் ஒன்பது. ஆகவே மே 9. (2024, 2028 போன்ற லீப் ஆண்டுகளில் பெப்ரவரிக்குப் பின் ஒரு நாள் தள்ளிப் போகும்.) அடுத்த பதினொன்றும் அந்த வங்கி தன் வசதிக்குப் போடும் வரிசை இலக்கம். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். நடுவில் ஒன்றைப் பிழையாகத் தட்டச்சு செய்தால் வங்கியின் கணினி கண்டுபிடிப்பதற்காக அது இருக்கிறது. அதனால் தொலைபேசியில் வாசித்துக் காட்டாமல், மின்னஞ்சலில் வந்ததை அப்படியே பிரதி செய்து ஒட்டுங்கள்.

உங்கள் இலக்கத்தில் எட்டாம் இடத்திலிருந்து பதினோராம் இடம் வரை என்ன இருக்கிறது என்று பாருங்கள். 5129 அல்லது அதற்கு ஓரிரு நாள் பிந்திய இலக்கம் இருந்தால் அது ரிஃபண்டின் ஏஆர்என். 5091, 5092 என்று இருந்தால் அது ஏப்ரல் 1, 2. அதாவது நீங்கள் காசு கட்டியபோது உண்டான ஏஆர்என். வாங்கியதற்கு ஒன்று, திருப்பியதற்கு இன்னொன்று என்று இரண்டு தனித்தனி இலக்கங்கள் உண்டு. வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் அவசரத்தில் முதலாவதை அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதை வங்கியிடம் கொடுத்தால் அவர்கள் தேடி, "ஆம், இது நீங்கள் செலவு செய்த பதிவு" என்பார்கள். அவர்கள் சொல்வது சரி, ஆனால் உங்கள் காசைப் பற்றி ஒன்றும் தெரிய வராது. இந்தத் திகதிச் சோதனையைச் செய்யாமல் இரண்டு பக்கமும் மாறி மாறி மின்னஞ்சல் அனுப்பிக் கிழமைகளை இழந்தவர்கள் பலர்.

23 இலக்கம் இல்லையென்றால் அது வேறு ஏதோ. 12 இலக்கத்தில் வருவது கார்ட் இயந்திரமோ கொடுப்பனவுத் தளமோ இடும் வேறொரு குறிப்பிலக்கம். ஆறு இடத்தில் வருவது செலவுக்கு உங்கள் வங்கி கொடுத்த அனுமதிக் குறி. `re_` என்று தொடங்குவது கொடுப்பனவுத் தளத்தின் உள் இலக்கம், உங்கள் வங்கிக்கு அது எதையும் சொல்லாது. இவற்றில் ஒன்று கிடைத்தால் திரும்ப எழுதி, ரிஃபண்டுக்குரிய `Acquirer Reference Number` வேண்டும் என்று அந்தச் சொற்களாலேயே கேளுங்கள். ரிஃபண்ட் அழுத்திய அன்றே அது கடைக்காரருக்குத் தெரியாது. சில வேலை நாட்கள் கழித்துத்தான் அவருடைய திரையில் தோன்றும். இரண்டு கிழமை கழிந்தும் "இன்னும் வரவில்லை" என்றால், ரிஃபண்ட் அவருடைய வங்கியை விட்டே வெளிக்கிடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு நிலை உண்டு. செலவு முழுமையாகப் பதிவாகுமுன் கடைக்காரர் அதை ரத்துச் செய்தால் ரிஃபண்ட் என்று ஒன்று உண்டாகாது, ஏஆர்என்னும் இராது. பிடித்து வைத்த தொகை விடுவிக்கப்படும், அவ்வளவுதான். உங்கள் கணக்குக் கூற்றில் 186 டொலருக்கான பற்று ஏப்ரலில் முழுமையாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் இந்த நிலை உங்களுக்கு இல்லை.

இனித் திகதிக் கணக்கு. மே 9 வெள்ளிக்கிழமை. பிறகு சனி, ஞாயிறு. மே 12, 13 வெசாக், வங்கி விடுமுறை. கொழும்பில் வேலை நாள் மே 14 புதன்தான். அதிலிருந்து பதிவு உங்கள் வங்கிக்கு வந்து கணக்கில் ஏற இன்னும் சில வேலை நாட்கள். வெளிநாட்டுக் கடைகள் ஐந்து முதல் பத்து வேலை நாட்கள் என்று சொல்வது இதைத்தான். மே 14 முதல் பத்து வேலை நாட்களை எண்ணினால் மே 27 வரும். நீங்கள் எழுதும்போது அது கடந்துவிட்டது. எனவே "பொறுத்துப் பாருங்கள்" என்று யாரும் சொன்னால் அதை இனி ஏற்கத் தேவையில்லை.

கிளையில் தேடியவர்கள் எப்படித் தேடினார்கள் என்பதையும் கேளுங்கள். ஏப்ரலில் கழிந்த அதே ரூபாய்த் தொகையைத் தேடியிருந்தால் கிடைக்காது. கட்டிய அன்று டொலருக்கு வங்கி போட்ட விலை ஒன்று, திரும்பும் அன்று போடும் விலை வேறு. கட்டும்போது சேர்த்துப் பிடித்த வெளிநாட்டு நாணயக் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது. ஆகவே ரூபாயில் குறைந்த ஒரு தொகை வரலாம், அது பிழையான ரிஃபண்ட் இல்லை. டொலரில் 186 சரியாக இருந்தால் ஹோட்டல்காரர் தன் கடமையைச் செய்துவிட்டார். பெயரும் மாறியிருக்கலாம். ஹோட்டலின் பெயருக்குப் பதில் அவர்களுக்குக் காசு வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரில் வந்திருக்கலாம். எனவே மே 9 முதல் இன்று வரை வந்த எல்லா வரவுகளையும், தொகையையும் பெயரையும் மறந்துவிட்டு, ஒவ்வொரு வரியாக நீங்களே ஒரு தரம் பாருங்கள்.

அதிலும் இல்லையென்றால் என் சந்தேகம் முழுவதும் தொலைந்த கார்டின் மேல். ரிஃபண்ட் எந்தக் கார்டால் கட்டினீர்களோ அந்தக் கார்ட் இலக்கத்துக்கே போகும். கடைக்காரர் நினைத்தாலும் உங்கள் புதிய கார்டுக்கு மாற்ற முடியாது. காலம் முடிந்து புதுப்பித்த கார்டாக இருந்தால் பொதுவாகப் பிரச்சினை வராது. தொலைந்தது என்று நீங்கள் முறைப்பாடு கொடுத்த கார்டுக்குப் புதிய கார்டில் புதிய இலக்கம் வரும், பழையது முடக்கப்பட்டிருக்கும். பல வங்கிகளின் கணினி பழைய இலக்கத்தையும் உங்கள் கணக்கோடு இணைத்தே வைத்திருக்கும், வரவு தானாகவே வந்து சேரும். ஆனால் இணைப்பு சரியாக மாற்றப்படாமல் இருந்தாலோ, முடக்கிய இலக்கத்துக்கு வரும் எதையும் கணினி தள்ளிவிடும்படி அமைத்திருந்தாலோ, அந்தப் பதிவு யாருடையது என்று தீர்மானிக்கப்படாமல் ஒரு தற்காலிகக் கணக்கில் உட்கார்ந்துவிடும். சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று வங்கிக்காரர்கள் சொல்வது அதைத்தான். உங்கள் வங்கிக்குள்ளேயே காசு இருக்கும், உங்கள் கணக்கில் இருக்காது. கிளை "வரவில்லை" என்று சொல்லும். அதை யாரும் கேட்டு, ஆளைப் பார்த்து, கையால் மாற்றினால்தான் உங்களிடம் வரும். ஏஆர்என்னின் முழுப் பயனும் இந்த இடத்தில்தான். கார்ட் இலக்கம் மாறினாலும் அந்த இலக்கம் மாறவில்லை.

எனவே கிளைக்கு மறுபடி அலையாமல் கார்ட் சென்டருக்கு எழுத்தில் போடுங்கள். கார்டின் பின்புறத்தில் இருக்கும் இலக்கத்துக்கு அழைத்து, கார்ட் பிணக்குகளைக் கையாளும் பிரிவின் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கலாம். கிளை மூலம்தான் அனுப்ப வேண்டும் என்றால் கடிதத்தைக் கொடுத்து, பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"என் டெபிட் கார்டுக்கு (பழைய கார்டின் கடைசி நான்கு இலக்கம் ____, தொலைந்ததால் முடக்கப்பட்டது, புதிய கார்டின் கடைசி நான்கு இலக்கம் ____) 2025 மே 9 அன்று 186 அமெரிக்க டொலர் ரிஃபண்ட் அனுப்பப்பட்டதாக விற்பனையாளர் உறுதி செய்துள்ளார். ரிஃபண்டின் ஏஆர்என்: ____. மே 9 முதல் வலையமைப்பில் இருந்து உங்களுக்கு வந்த தீர்ப்பனவுக் கோப்புகளில் இந்த ஏஆர்என்னைத் தேடி, பின்வருவனவற்றை எழுத்தில் அறியத் தரவும். இந்தப் பதிவு உங்களுக்கு வந்ததா? வந்திருந்தால் எந்தத் திகதியில், எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது? வரவு வைக்கப்படாவிட்டால் இப்போது எங்கே உள்ளது, எதனால்?"

"என் காசு வந்ததா?" என்று கேட்டால் மறுபடி உங்கள் கணக்கைத் திறந்து பார்த்து இல்லை என்பார்கள். கோப்பில் தேடும்படி கேட்பதுதான் வேறு பதிலைக் கொண்டுவரும். ஹோட்டல்காரரின் உறுதி மின்னஞ்சல், ஏப்ரல் பற்று தெரியும் கூற்றுப் பக்கம், கார்ட் தொலைந்ததற்கான முறைப்பாட்டு இலக்கம் இருந்தால் அது, இவற்றை இணையுங்கள். முழுக் கார்ட் இலக்கத்தையும் பின்புற மூன்று இலக்கத்தையும் எழுத வேண்டாம். ஏஆர்என்னை மறைக்கத் தேவையில்லை. அதில் உங்கள் கார்ட் இலக்கம் இல்லை, அதை வைத்து யாரும் காசு எடுக்க முடியாது. ஆனால் ரிஃபண்டை உடனே எடுத்துத் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று யாரும் அழைத்தால் உடனே வைத்துவிடுங்கள். காசு திரும்பி வருவதற்கு ஓடிபி எதுவும் வேண்டியதில்லை. இப்படித் தேடிக்கொண்டிருப்பவர்களைத்தான் அந்தக் கூட்டம் பிடிக்கிறது.

பதில் மூன்றில் ஒன்றாக வரும்.

"வந்தது, இன்ன திகதியில் வரவு வைத்தோம்" என்றால் கூற்றில் நீங்கள் தவறவிட்ட வரியை அவர்கள் காட்டுவார்கள். உங்களுக்கு இரண்டு கணக்குகள் இருந்து, கார்ட் மற்றக் கணக்கோடு இணைந்திருந்தால் அதிலும் தேடுங்கள். சம்பளக் கணக்கையும் சேமிப்புக் கணக்கையும் ஒரே வங்கியில் வைத்திருப்பவர்களுக்கு இது நடக்கும்.

"வந்தது, பழைய கார்ட் முடக்கப்பட்டதால் நிறுத்தி வைத்துள்ளோம்" என்றால் வேலை முடிந்த மாதிரிதான். கணக்கு இலக்கத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் கேட்பார்கள், கொடுத்தால் மாற்றிவிடுவார்கள். எந்தத் திகதியின் டொலர் விலையில் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதிவு வந்த திகதிக்குரிய விலைதான் நியாயமானது. அவர்கள் கண்டுபிடித்த நாளின் விலை உங்களுக்குக் குறைவாக அமைந்தால் அதை எழுத்தில் ஆட்சேபிக்கலாம்.

"எந்தக் கோப்பிலும் இந்த ஏஆர்என் இல்லை" என்பது மூன்றாவது. இப்போது பந்து ஹோட்டல்காரரின் பக்கம். வங்கியின் அந்த எழுத்துப் பதிலை அப்படியே அவருக்கு அனுப்பி, தன் வங்கியிடம் இரண்டு விடயங்களை உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். பதிவு வலையமைப்புக்கு உண்மையில் போய்ச் சேர்ந்ததா? எந்தக் கடைசி நான்கு இலக்கக் கார்டுக்குப் போனது? அந்த நான்கும் உங்கள் பழைய கார்டின் நான்கோடு பொருந்தாவிட்டால் வேறு யாருடைய பதிவையோ உங்களுக்குத் தந்திருக்கிறார்கள். பொருந்தினால், அனுப்பிய பதிவு ஏதோ காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டிருக்கலாம். அப்படியானால் காசு ஹோட்டல்காரரின் வங்கியில் இருக்கிறது, அவர் வேறு வழியில் அனுப்ப வேண்டும். அந்த வெளிநாட்டு வங்கியை நீங்கள் நேரே தொடர்புகொண்டு பயனில்லை. அவர்களுக்கு நீங்கள் வாடிக்கையாளர் இல்லை, பதில் சொல்ல மாட்டார்கள். ஏஆர்என்னின் இரண்டாவது முதல் ஏழாவது இலக்கம் வரை பார்த்து அது எந்த வங்கி என்று கண்டுபிடித்து விசாரிக்க உங்கள் வங்கியால் முடியும். உங்கள் கடிதத்தில் அதையும் கேட்கலாம்.

ஹோட்டல்காரர் அதற்கும் சரியான பதில் தராவிட்டால், "வாக்களித்த ரிஃபண்ட் தரப்படவில்லை" என்று கார்ட் பிணக்காக எழுப்பும்படி உங்கள் வங்கியிடம் கேளுங்கள். சார்ஜ்பேக் என்பது அதுதான். விசா விதிகளில் இந்த வகைக்குத் தனி வகுப்பு உண்டு. ரிஃபண்ட் தருவதாக எழுதிய திகதியிலிருந்து 15 நாள் காத்திருக்க வேண்டும், 120 நாளுக்குள் எழுப்ப வேண்டும். மே 9ல் இருந்து 120 நாள் என்றால் செப்டம்பர் 6. வங்கிக்கும் தன் வேலைக்கு நாட்கள் வேண்டும் என்பதால் ஜூலைக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள். ஆனால் மேலே சொன்ன கோப்புத் தேடலை முடிக்காமல் சார்ஜ்பேக் போட வேண்டாம். காசு உங்கள் வங்கிக்குள்ளேயே நின்றிருந்தால் ஹோட்டல்காரர் அதே ஏஆர்என்னைச் சான்றாகக் காட்டுவார், பிணக்கு உங்களுக்கு எதிராக முடியும். சில வேளை இரண்டு தரம் வரவு வைத்து, பிறகு ஒன்றைத் திரும்ப எடுப்பார்கள். அதற்குள் நீங்கள் செலவழித்திருந்தால் கணக்கு மறையில் போய்விடும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். ஹோட்டலை நீங்கள் நேரே பதிவு செய்ததால்தான் இவ்வளவும் பொருந்துகிறது. கல்முனையிலோ மட்டக்களப்பிலோ உள்ள பயண முகவரிடம் காசைக் கையில் கொடுத்து, அவர் தன் கார்டால் கட்டியிருந்தால், ரிஃபண்ட் அவருடைய கார்டுக்குத்தான் போகும். அப்போது உங்கள் வங்கியில் எந்த ஏஆர்என்னைக் கொடுத்தும் தேட ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியது முகவரிடம், அவருடைய கார்டின் கூற்றை வைத்து.

வங்கி எழுத்தில் பதில் தராமல் இழுத்தால், முதலில் அதே வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் போடுங்கள், முறைப்பாட்டு இலக்கம் ஒன்றை வாங்குங்கள். அதற்கும் அசைவு இல்லையென்றால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம், அழைக்க வேண்டிய இலக்கம் 1935. வங்கியிடம் முதலில் கேட்டீர்களா என்றுதான் அங்கே முதல் கேள்வி வரும். அதனால் கார்ட் சென்டருக்கு அனுப்பிய கடிதத்தின் திகதியிட்ட பிரதியும், ரிஃபண்டின் ஏஆர்என் உள்ள மின்னஞ்சலும், வங்கியின் முறைப்பாட்டு இலக்கமும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.